ஆய்வுகூட ஆண்டு விழாவில் நாலு நிமிடம்: என்ன பேசுவது, எதை விடுவது

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பதினாறு பேர் வேலை செய்கிறோம். தமிழர், முஸ்லிம்கள், ஒரு சிங்களத் தங்கை. ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தவர்களும் வருவார்கள். என்னை நாலு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து உழைத்ததைப் பாராட்ட வேண்டும், வீட்டாருக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுதி எழுதிப் பார்க்கிறேன், எல்லோரும் பேசுகிற அதே பேச்சாகத்தான் வருகிறது. எப்படி எழுதலாம்? ஒரு மாதிரியும் தந்தால் உதவியாக இருக்கும்.

பதில்:

முதலில் அளவை முடிவு செய்துவிடுங்கள். மேடையில் மைக் பிடித்து, பின்வரிசையில் பிள்ளைகள் ஓடித் திரிய, நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் போகாது. ஆக, உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 350 சொல். ஒரு தாளின் ஒரு பக்கம். வருடம் முழுக்க நடந்ததை அதற்குள் அடக்கப் பார்ப்பதால்தான் பேச்சு ஊரார் பேச்சாகிவிடுகிறது. அர்ப்பணிப்பு, ஒத்துழைப்பு, தியாகம், அயராத உழைப்பு என்று நாலு சொல்லை அடுக்கினால் அதை நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் வாசிக்கலாம், வங்கியிலும் வாசிக்கலாம். உங்கள் ஆய்வுகூடம் அதில் எங்கேயும் இருக்காது.

நான் இந்தப் பக்கத்து அலுவலக விழாக்களில் நீண்ட காலம் அறிவிப்பாளராக நின்றவன். என் மனைவி ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதனால் மைக்குக்குப் பக்கத்திலும் நின்றிருக்கிறேன், "குடும்பத்தவர்கள்" என்று ஒதுக்கிய பிளாஸ்டிக் கதிரையிலும் இருந்திருக்கிறேன். அந்தக் கதிரையில் இருப்பவருக்கு எது காதில் விழுகிறது, எது விழாமலே போகிறது என்பது ஓரளவு தெரியும். நான் சொல்வது இதுதான்: பாராட்டுக்கு ஓர் இரவை எடுங்கள், நன்றிக்கு வீட்டில் உண்மையாக நடந்த நாலைந்து காரியங்களை எடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அந்த இரவை எப்படித் தெரிவு செய்வது? பெரிய சாதனையைத் தேடாதீர்கள். புது இயந்திரம் வந்தது, இத்தனை ஆயிரம் பரிசோதனை செய்தோம் என்பதெல்லாம் பணிப்பாளரின் அறிக்கையில் வரும். நீங்கள் தேட வேண்டியது, ஒருவர் கையை எடுத்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கக் கூடிய ஒரு சம்பவம். உங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமே இருக்காது. வடகீழ்ப் பருவ மழையோடு மார்கழி, தை, மாசியில் டெங்கு ஏறுகிறது. ஒரே நோயாளியின் இரத்தம் காலையும் மாலையும், சில வேளை அதற்கு மேலும், ஆய்வுகூடத்துக்கு வரும். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்குகிறதா, நிற்கிறதா என்று விடுதியில் வைத்தியர் காத்துக்கொண்டிருப்பார். அந்த எண் எத்தனை கைகள் கடந்து அவரிடம் போகிறது என்பதை உங்கள் ஊழியர்களின் வீட்டாரே அறியமாட்டார்கள். "மகள் லேப்பில வேலை" என்பதோடு அவர்களுக்குத் தெரிந்தது முடிந்துவிடும்.

ஒரு உதாரணத்துக்கு இதை எடுத்துக்கொள்வோம். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் வருகிறது. அந்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும். எடுத்த உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். நரம்பு கிடைக்காத நோயாளியிடம் சிரமப்பட்டு எடுக்கும்போது, அல்லது கலக்கச் சற்றுப் பிந்தும்போது, உள்ளே சிறு கட்டி விழுந்துவிடும். பிளேட்லெட்டுகள் அந்தக் கட்டியில் சிக்கிக்கொள்ளும். இயந்திரத்துக்கு அது தெரியாது. மிச்சம் இருப்பதை எண்ணி மிகக் குறைந்த ஓர் எண்ணைத் தரும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது இருபதாயிரம் என்று வரும். டெங்கு விடுதிக்கு அந்தத் தாள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை அப்படியே அனுப்பாமல், மூடியைத் திறந்து குச்சியால் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, "இன்னொரு மாதிரி எடுத்து அனுப்புங்கோ" என்று சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? மழையில் அந்த இரண்டாவது குழாயைக் கொண்டுவருகிற சிற்றூழியர் ஒருவர் இருக்கிறார். பதிவேட்டில் காரணத்தை எழுதி வைத்து, காலையில் வருபவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் ஒருவர். இதுதான் உங்களுக்கு வேண்டிய இரவு. "குழுவாகச் செயற்பட்டோம்" என்ற வசனமே தேவைப்படாது.

இதில் இரண்டு இடத்தில் அவதானம் வேண்டும். ஒன்று, நோயாளி. பெயரைச் சொல்லமாட்டீர்கள், அது தெரியும். ஆனால் "வாழைச்சேனையில் இருந்து வந்த எட்டு வயதுப் பிள்ளை" என்றால் மண்டபத்தில் பத்துப் பேருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று விளங்கிவிடும். நம்முடைய ஊர்களின் அளவு அப்படி. வயது, ஊர், ஆணா பெண்ணா, பிறகு என்ன ஆனது, எதுவும் வேண்டாம். "ஒரு மாதிரி" என்றால் போதும். மற்றது, இரத்தம் எடுத்தவர். கட்டி விழுந்த கதையைச் சொல்லும்போது அது விடுதித் தாதியின் குறையாகக் கேட்கும். அவரும் மண்டபத்தில் இருக்கலாம், அவருடைய மாமியும் இருக்கலாம். அவசரத்தில் இப்படி நடப்பதுண்டு, யார் குற்றமும் அல்ல என்று ஒரு வரியில் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த வரி இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது. கூடவே, விழாவுக்கு முன் பணிப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிழை ஒன்று பிடிபட்ட கதையைப் பொது மேடையில் கேட்பது சிலருக்கு ஒத்துவராது. அவர் வேண்டாம் என்றால் மின்சாரம் போய் இயந்திரம் நின்ற இரவு ஒன்றை எடுங்கள்: இயந்திரம் ஒரு நிமிடத்தில் எண்ணுவதை நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாகக் கையால் எண்ணிய இரவு. ஒவ்வொரு மாதிரியையும் கரைசலில் கலந்து, எண்ணும் தகட்டில் விட்டு, பிளேட்லெட்டுகள் அடியில் படிய ஈரப்பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, அப்புறம்தான் எண்ணவே தொடங்கலாம். அதுவும் நல்ல கதைதான்.

பெயர் விஷயம். பதினாறு பேர் என்கிறீர்கள். இந்த அளவுக்கு ஒரே ஒரு நியாயமான வழிதான் இருக்கிறது: பதினாறு பெயரும் வர வேண்டும், அல்லது ஒன்றும் வரக்கூடாது. ஆறு பெயரைச் சொல்லி "மற்றும் அனைவரும்" என்று முடித்தால் அந்த "மற்றும்" இல் விழுந்த பத்துப் பேரும் வீட்டுக்குப் போகிற ஓட்டோவில் அதைத்தான் கதைப்பார்கள். அவர்களைவிட அவர்களுடைய வீட்டாருக்குத்தான் அது கூடுதலாகச் சுடும். பதினாறு பெயரைப் பட்டியலாக வாசிப்பதும் சரிவராது. இடாப்புக் கூப்பிடுவது போல ஆகிவிடும். இரவுக் கதையில் ஐந்தாறு பெயர் தானாக வரும். மிச்சப் பெயர்களைக் கடமை மாற்றிக்கொண்ட இடத்தில் சேர்த்துவிடலாம். யார் யார் பொங்கலுக்கு நின்றார், யார் பெருநாளுக்கு நின்றார் என்று. சொன்னவுடன் தாளில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போடுங்கள். பதவி பார்த்து வரிசைப்படுத்த வேண்டாம். கதையில் எந்த இடத்தில் வருகிறாரோ அந்த இடத்தில் சிற்றூழியர் பெயர் முதலாவதாக வந்தால் வரட்டும்.

விழா நேரத்தில் கடமையில் இருப்பவர்களை மறந்துவிடுவார்கள், இது நான் திரும்பத் திரும்பக் கண்டது. ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு விழாவுக்கு வர முடியாது. ஒருவரோ இருவரோ அங்கே இருப்பார்கள். அவர்களுடைய பெயரோடு பேச்சைத் தொடங்குங்கள். அவர்களின் வீட்டார் வந்திருந்தால் அந்த ஒரு வரிக்காக அவர்கள் உங்களை நெடுநாள் நினைத்திருப்பார்கள்.

இனி குடும்பம். பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "உங்கள் துணைவியாருக்கு நன்றி" என்று ஆண்களைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் நம் மேடைகளில் இன்னும் போகவில்லை. உங்கள் பதினாறு பேரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கலாம். ஒருவருக்குக் கணவர் கட்டாரில் இருப்பார், ஒருவர் பிள்ளைகளோடு தனியாக வாழ்பவர், ஒருவர் திருமணமாகாதவர், ஒருவர் மலையகத்தில் இருந்து வந்து கல்லடியில் அறை எடுத்திருப்பவர். "குடும்பம்" என்றால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளை என்று நினைத்து எழுதினால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கே தெரியும், ஆனால் எழுதும்போது மறந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மருமகன்தான் வந்து சேருவார்; தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். அதனால் உங்கள் பெண் ஊழியர் இரவுக் கடமைக்கு வரும்போது வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் அம்மம்மா அல்லது உம்மம்மா. ஆண் ஊழியர் வந்தால் பின்னால் நிற்பது மனைவியும் மாமியும். நம் மேடைகளில் மாமிக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் நடந்தவை உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டும். விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் தனியாக, ரீ குடிக்கும்போது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருடம் உங்கட கடமைக்காக வீட்டில் யார் என்ன செய்தவங்க?" முதலில் "எல்லோரும் உதவிதான் சேர்" என்பார்கள். சும்மா இருந்தால் அடுத்தது வரும். பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவந்தது யார், நோன்பு திறக்கிற நேரம் கடமையில் இருந்தபோது கஞ்சியைக் கொண்டுவந்து தந்தது யார், பிறந்தநாள் கேக் அடுத்த நாள் வரை பெட்டியில் இருந்தது எந்த வீட்டில் என்று ஒவ்வொன்றாக வரும். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "இதை மேடையில் பெயர் இல்லாமல் சொல்லலாமா?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை விடக்கூடாது. கணவர் சமைத்தார் என்று சொல்வது ஒரு வீட்டில் பெருமையாகவும் இன்னொரு வீட்டில் வாக்குவாதமாகவும் முடியும். வருடத்துக்குள் சாவு நடந்த வீடு இருந்தால், அவர் ஒத்துக்கொண்டால் மட்டும் ஒரு வரி. இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

இப்படிக் கிடைக்கிற காரியங்கள் சின்னதாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். கியூஆர் முறை வருவதற்கு முன், இரவிரவாக நின்றோம். அந்த வருட விழா ஒன்றில் பிரிவுப் பொறுப்பாளர் ஒருவர், "எங்கள் ஊழியர்கள் ஒரு நாளும் பிந்தி வரவில்லை, அவர்களுக்காக வரிசையில் நின்றது யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. முன்னால் பேசியவர்கள் சொன்ன எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை.

மண்டபத்து ஒழுங்கு பற்றிச் சுருக்கமாக. "கௌரவ தலைவர் அவர்களே, பிரதம அதிதி அவர்களே" என்று விளிக்கத் தொடங்கினால் நாலில் ஒரு நிமிடம் போய்விடும். அறிவிப்பாளர் அதைச் செய்துவிட்டார் என்று ஒரு வரியில் தாண்டுங்கள். பின்னேர விழா என்றால் மஹ்ரிப் பாங்கு ஆறு மணியை ஒட்டி வரும், மாதத்துக்கு ஏற்பச் சற்று முன்பின்னாக. அன்றைய நேரத்தைப் பார்த்து, உங்கள் பேச்சு அதில் முட்டாமல் அறிவிப்பாளரிடம் சொல்லி வையுங்கள்; பேசும்போது பாங்கு கேட்டால் நிறுத்திக் காத்திருங்கள், தொழப் போகிறவர்கள் வந்த பிறகு நன்றிப் பகுதியைச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் பேசுங்கள். பிரியாணி வாசம் வந்த பிறகு யார் பேசினாலும் எடுபடாது.

இனி மாதிரி. பெயர்களையும் சம்பவங்களையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

பெரியவர்களை எல்லாம் அறிவிப்பாளர் வரவேற்றுவிட்டார். நான் இங்கே இல்லாத இரண்டு பேரோடு தொடங்குகிறேன். (பெயர்), (பெயர்). இந்த நேரம் அவர்கள் ஆய்வுகூடத்தில் கடமையில் இருக்கிறார்கள். அதனால்தான் மற்றவர்கள் இங்கே இருக்க முடிகிறது. அவர்களுடைய வீட்டார் வந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி.

உங்கள் பிள்ளைகள், உங்கள் கணவர், மனைவி எங்களோடு என்ன வேலை செய்கிறார்கள் என்று ஓர் இரவை மட்டும் சொல்கிறேன். தை மாதம், டெங்கு உச்சத்தில் இருந்த நேரம், வெளியே மழை. பத்து மணிக்குப் பிறகு இரத்த மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்தவர் (பெயர்). மாதிரிகள் நனையவில்லை, அவர் நனைந்திருந்தார். (பெயர்) ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுப் பதிந்தார். ஒரு மணிக்கு இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் இருபதாயிரத்துக்குக் கீழே. அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். (பெயர்) அனுப்பவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். உள்ளே சின்ன இரத்தக்கட்டி. அவசரத்தில் எடுக்கும்போது இப்படி நடப்பதுண்டு, யார் குற்றமும் அல்ல. ஆனால் கட்டி இருந்தால் இயந்திரம் பிழையான எண்ணைத்தான் தரும். (பெயர்) விடுதிக்குப் பேசினார். அந்த நேரத்திலும் தாதி உடனே இன்னொரு மாதிரி எடுத்துத் தந்தார். (பெயர்) மறுபடி மழையில் போய்க் கொண்டுவந்தார். இரண்டு மணிக்கு முன் சரியான எண் வைத்தியரின் கையில் இருந்தது. விடியக் கடமைக்கு வந்த (பெயர்) பதிவேட்டைப் பார்த்து, அடுத்த மாதிரி வரும்போது கவனமாகப் பார்த்தார். அன்று இவர்களில் ஒருவர் அசட்டையாக இருந்திருந்தாலும் பிழையான தாள் ஒன்று போயிருக்கும்.

பொங்கலன்று (பெயர்), (பெயர்), (பெயர்) கடமைக்கு நின்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று (பெயர்), (பெயர்). நத்தார் இரவு (பெயர்), (பெயர்). சித்திரை வருடப்பிறப்புக்குத் தங்கை (பெயர்) ஊருக்குப் போய்வர (பெயர்) தன் விடுமுறையைக் கொடுத்தார். நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களே பேசி ஒழுங்கு செய்துகொண்டு வந்து எனக்குச் சொன்னார்கள்.

இனி வீட்டாருக்கு. அம்மம்மாமார், உம்மம்மாமார், மாமிமார் வந்திருக்கிறீர்கள். மகளோ மருமகனோ இரவுக் கடமைக்கு வந்த நாள்களில் பிள்ளைக்குச் சோறு தீத்தி, நித்திரையாக்கி, விடியப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தியது நீங்கள். ஒருவர் தன் மனைவியை மழையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, அவர் உள்ளே போகும் வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் திரும்புவார், நான் கண்டிருக்கிறேன். ஒரு தகப்பன் கட்டாரில் இருந்து இரவில் போன் எடுத்து, அம்மா கடமையில் இருக்கிற நாள்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நோன்பு நேரம் ஒரு வாப்பா மகளுக்கு மட்டும் அல்ல, கடமையில் இருந்த எல்லோருக்கும் கஞ்சி கொண்டுவந்தார். தூரத்தில் இருந்து வந்து தங்கியிருக்கும் எங்கள் தம்பிக்கு, பிந்தி வருகிற இரவுகளில் வீட்டுக்கார அம்மா சாப்பாடு மூடி வைத்திருக்கிறார். அவரையும் நாங்கள் அழைத்திருக்கிறோம். இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது, தன் பிறந்தநாள் கேக்கை அம்மா வரும் வரை ஒரு நாள் முழுக்க வெட்டாமல் வைத்திருந்த பிள்ளை.

(பெயர்) இன் அம்மாவுக்கு: பொஹொம ஸ்துதியி, அம்மே.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எல்லோரும் எழும்பி, உங்கள் வீட்டார் இருக்கிற பக்கம் திரும்புங்கள். நீங்கள் அவர்களுக்குக் கை தட்டுங்கள். நன்றி."

இவ்வளவுதான். வேகத்தைக் கூட்டாமல் வாசித்தால் நாலு நிமிடத்தை ஒட்டி வரும். பெயர்களை நிரப்பிய பிறகு போனில் நேரம் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசிக்கிற நேரம் மேடைக்குப் பொருந்தாது. நேரம் தாண்டினால் இரவுக் கதையில் இரண்டு வசனத்தைக் குறையுங்கள். அச்செடுக்கும்போது எழுத்தைப் பெரிதாக, 16 அளவில் வையுங்கள். மண்டப வெளிச்சத்தை நம்ப முடியாது.

வாசித்துப் பார்க்கும்போது உங்கள் வாயில் "அந்த வகையில்" வருகிறதா என்று கேளுங்கள். எங்கள் மேடைகளில் மூச்சு விடுவதற்குப் பதிலாக அதைத்தான் சொல்கிறோம். அந்த இடத்தில் சும்மா நின்றால் போதும், ஒன்றும் குறைந்துவிடாது.

மாதிரியில் நான் வேண்டுமென்றே விட்ட ஒரு வசனம் உண்டு: "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்." மற்ற நாளில் பரவாயில்லை. உண்மையான குடும்பத்தை முன்னால் இருத்திக்கொண்டு அதைச் சொன்னால், பொங்கலன்று அம்மா வராத பிள்ளைக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். வீட்டில் மனைவிக்குப் பயம் என்ற பழைய பகிடிகளும் வேண்டாம். சிரிப்பார்கள், ஆனால் நன்றி சொல்ல எழும்பியவர் அவர்களை வைத்தே சிரிக்க வைத்ததாகிவிடும்.

வாக்குறுதியும் அப்படித்தான். மேடையில் உருகிப்போய் "அடுத்த வருடம் யாருக்கும் பெருநாளில் கடமை இராது" என்று சொல்லிவிடாதீர்கள். பதினாறு பேரை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று ஊழியர்களுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. பிறகு வீட்டில் கேள்வி வரும். கடமைப் பட்டியலை ஒரு மாதம் முந்தியே ஒட்டுவது போல ஏற்கெனவே கையெழுத்தாகிய மாற்றம் ஏதும் இருந்தால் அதை ஒரு வசனத்தில் சேர்க்கலாம். இல்லையென்றால் நன்றியோடு நிறுத்துங்கள்.

எழும்பித் திரும்பிக் கை தட்டுவதை முதல் நாளே ஊழியர்களில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள், அவர்கள் எழும்பினால் மற்றவர்களும் எழும்புவார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கும் சொல்லுங்கள், "நன்றி" கேட்டவுடன் பாட்டைப் போடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். வீட்டாரின் கதிரைகள் எந்தப் பக்கம் என்பதை மேடை ஏறுமுன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைச் சோபாவைப் பார்த்துக்கொண்டு பின்வரிசைக்கு நன்றி சொன்னால் நன்றாக இராது.

இன்னொன்று நடக்கக்கூடும். நிகழ்ச்சி பிந்திப்போய், "சேர், இரண்டு நிமிடத்தில் முடியுங்கோ" என்று காதில் சொல்வார்கள். அதற்கும் தயாராக இருங்கள். அப்போது இரவுக் கதையை முழுதாக விட்டுவிடலாம். கடமையில் இருக்கும் இருவரின் பெயர், கடமை மாற்றிக்கொண்டவர்களின் பெயர்கள், வீட்டாருக்கான பகுதி, இந்த மூன்றும் போதும். கதையில் மட்டும் வருகிற ஐந்து பெயரையும் கடமைப் பெயர்களோடு சேர்த்து இன்னொரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.